வேலை முதலா, பதிவு முதலா

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கும் பி.பி.டி. எனப்படும் பிசியோதெரபிக்கும் அரசுக் கலந்தாய்வு ஒன்றுதான். 2025 வரை இரண்டுக்கும் நீட் இல்லாமல் பிளஸ் டூ மதிப்பெண்ணே போதுமானதாக இருந்தது. இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்த வரிகளாக இருப்பதால், பல வீடுகளில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வேலையைப் பற்றியதாக இல்லாமல் மானத்தைப் பற்றியதாக ஆகிவிடுகிறது. என்னிடம் இளங்கலைத் தமிழ் படிக்கும் மாணவி ஒருத்தி தன் தங்கைக்காக அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தாள். அந்த அம்மா சொன்னார்: "நர்ஸ் வேணாங்க மேடம். நைட் டூட்டி, மலம் மூத்திரம், நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேப்பாங்க. பிசியோன்னா வெள்ளைக் கோட்டு, டாக்டர் மாதிரி. ரெண்டுலயும் ஃபாரின் போலாமாமே?"

போகலாம்தான். ஆனால் இரண்டு படிப்பும் போகும் பாதை வேறு. என் தங்கை நர்ஸாக வட இங்கிலாந்தில் வேலை செய்கிறாள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி பிசியோதெரபி முடித்து அதே நாட்டுக்குப் போனாள். இருவரையும் அருகிலிருந்து பார்த்ததால் இங்கிலாந்தை வைத்தே சொல்கிறேன்.

நர்சிங் நான்கு ஆண்டுப் படிப்பு. முடித்ததும் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். என் தங்கை பிறகு இரண்டு ஆண்டு வார்டில் வேலை பார்த்தாள். வேலைக்கு எடுப்பவர்கள் இந்த அனுபவத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். அடுத்து ஆங்கிலத் தேர்வு. ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதினால் கேட்டல், வாசித்தல், பேசுதலில் 7, எழுத்தில் 6.5 வேண்டும். அதன்பின் கணினித் தேர்வு, அதை இந்தியாவிலேயே எழுதலாம். அதில் ஒரு பகுதி முழுக்கக் கணக்கு. ஆயிரம் மில்லி குளுக்கோஸ் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும், ஒரு மில்லிக்கு இருபது சொட்டு விழும் குழாய், அப்படியானால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? மணிக்கு 125 மில்லி, அதாவது 2,500 சொட்டு, அறுபதால் வகுத்தால் ஏறக்குறைய 42. வார்டில் தினம் செய்கிற கணக்குதான் இது.

இதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். இங்கிலாந்துப் பதிவு முழுதாகக் கைக்கு வரும் முன்பே மருத்துவமனை அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. விசாவுக்கான சான்றையும் அதுவே கொடுத்தது. அங்கே போய் ஒருபடி குறைந்த சம்பளத்தில் வேலை செய்துகொண்டே செய்முறைத் தேர்வுக்குத் தயாரானாள். பத்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி அல்லது ஒரு வேலை. மூன்று மாதத்துக்குள் முதல் முறை எழுதிவிட வேண்டும். மொத்தம் மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தோற்றால் ஊர் திரும்ப வேண்டியதுதான். அந்தப் பயம் உண்மையானது. ஆனால் அந்த மாதங்களிலும் அவளுக்குச் சம்பளம் வந்தது. நர்சிங்கில் வேலை முதலில் வருகிறது, பதிவு பிறகு.

பிசியோதெரபியில் இது தலைகீழ். அங்குள்ள பதிவு வாரியம் வெளிநாட்டில் படித்தவர்களுக்குத் தனித் தேர்வு வைப்பதில்லை. படித்த பாடங்களையும் மருத்துவமனைப் பயிற்சி நேரங்களையும் தன் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த விவரங்களைக் கல்லூரிதான் எழுதி உறுதிசெய்து தர வேண்டும். பாடத்திட்டப் பிரதியையே எடுத்துக் கொடுக்காத கல்லூரிகள் உண்டு. பதிவு கிடைத்த பிறகும் வேலையைத் தானே தேட வேண்டும். நர்ஸுகளைக் கூட்டமாக எடுப்பதுபோலப் பிசியோக்களை எடுப்பதில்லை. அங்கேயே படித்து முடித்த பட்டதாரிகளோடு தொடக்க நிலை வேலைக்குப் போட்டியிட வேண்டும். பதிவுக்கும் வேலைக்கும் நடுவில் வரும் மாதங்களின் செலவு அவள் தலையில்தான்.

இந்த இடைவெளியில்தான் ஏஜெண்ட் நுழைகிறார். எங்கள் தெருப் பெண்ணிடம் ஒருவர், "எம்.எஸ்சி. பண்ணுங்க, படிச்சா அங்கேயே வேலை" என்றார். வீட்டை அடமானம் வைத்துப் போனாள். அங்கே பிசியோதெரபி எம்.எஸ்சி. இரண்டு வகை. ஒன்று பதிவுக்கு முந்தைய படிப்பு. அதை முடித்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். மற்றது ஏற்கெனவே பிசியோவாக இருப்பவர்களுக்கான மேற்படிப்பு. அதை முடித்தாலும் பதிவு கிடைக்காது. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அவள் சேர்ந்தது இரண்டாவது வகை. முதியோர் இல்லத்தில் பகுதிநேரப் பராமரிப்பு வேலை செய்துதான் வாடகை கட்டினாள். எந்த மலமூத்திரத்துக்காக நர்சிங் வேண்டாம் என்றார்களோ, அதையே நர்ஸின் சம்பளமும் பதிவும் இல்லாமல் செய்தாள். ஒரு படிப்பு எந்த வகை என்பதை அறிய ஏஜெண்டைக் கேட்க வேண்டியதில்லை. பதிவு வாரியத்தின் இணையதளத்தில் அங்கீகரித்த படிப்புகளின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் அந்தப் படிப்பு பதிவு தராது.

அமெரிக்காவிலும் இதே சாயல்தான். நர்ஸையும் பிசியோவையும் அந்த நாட்டுக் குடியேற்றச் சட்டம் பற்றாக்குறைத் தொழில்கள் என்று ஒரே பட்டியலில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அங்கே பிசியோவுக்கான படிப்பு முனைவர் நிலைக்கு உயர்ந்துவிட்டதால், நம் பி.பி.டி.யை ஒப்பிடும்போது பாடங்கள் குறைகின்றன. அதைப் படித்து நிரப்பத் தனிச் செலவு. நர்ஸ் தகுதித் தேர்வை இந்தியாவிலேயே எழுதிவிடலாம். விசா வரிசை மட்டும் இந்தியர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நீள்கிறது.

இதனால் நர்சிங் பத்திரமானது என்று சொல்லிவிட முடியாது. 2024க்குப் பிறகு இங்கிலாந்தில் வெளிநாட்டு நர்ஸுகளை எடுப்பது வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒரே நாட்டை நம்பி நான்கு வருடம் படிக்கக் கூடாது. நர்ஸுக்கு வளைகுடா, ஜெர்மனி என்று மாற்று வழிகள் கூடுதல். ஜெர்மனிக்கு பி2 நிலை ஜெர்மன் வேண்டும், அதற்கு ஒரு வருட உழைப்பாவது பிடிக்கும். பிசியோவின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளூரிலேயே ஒரு அறை, ஒரு கட்டில், சில கருவிகளோடு சொந்த கிளினிக் வைக்கலாம். யாருடைய ஷிப்டுக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை. ஊரில் சொந்தக் காலில் நிற்க ஆசைப்படும் பெண்ணுக்கு நான் பிசியோவைத்தான் சொல்வேன். கடன் வாங்கிப் படித்து, வெளிநாட்டுச் சம்பளத்தில் அதை அடைக்க வேண்டிய வீட்டுப் பெண்ணுக்கு நர்சிங்கைச் சொல்வேன். அந்தத் தங்கைக்கும் அதைத்தான் சொன்னேன். அவள் அப்பா மினி லாரி ஓட்டுகிறவர். இரண்டு பெண்களின் படிப்பும் அந்த ஒரு வண்டியில்தான் ஓடுகிறது.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு இந்திய அரசின் விதி வைத்த உச்சவரம்பு முப்பதாயிரம் ரூபாயும் வரியும். லட்சங்களில் கேட்டால் அது கட்டணமே அல்ல. இங்கிலாந்தின் நெறிமுறைப்படி வேலை தேடுபவரிடம் ஆள்சேர்ப்புக் கட்டணமே வாங்கக் கூடாது. தமிழ்நாடு அரசுக்கென்றே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. முதலில் அங்கே விசாரிக்கலாம்.

கடைசியாக, பெயர். நம் மதிப்பெண் பட்டியலில் ஒற்றை எழுத்தாக நிற்கும் தலைப்பெழுத்து பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயராக விரிகிறது. கல்லூரிச் சான்றிதழிலும் கவுன்சில் பதிவிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஒரே மாதிரி இல்லாவிட்டால் சரிபார்ப்பு மாதக்கணக்கில் நின்றுவிடும். இதில் பெண்களுக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. திருமணமானதும் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துவிடுகிறார்கள். நான்கு வருடப் படிப்பில் சம்பாதித்த எல்லாத் தாள்களும் அன்றிலிருந்து வேறொருத்தியுடையவை ஆகிவிடுகின்றன. அவள்தான் இவள் என்று பிரமாணப் பத்திரம் எழுதி நிரூபிக்க வேண்டும். திருமணத்துக்காகப் பெயரை மாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நர்ஸானாலும் பிசியோவானாலும், எந்தப் பெயரில் படித்தாளோ அந்தப் பெயரிலேயே அவள் விமானம் ஏறலாம்.