ஏறிய கோடும் இறங்காத கோடும்

மே 4
காலையில் கோல்டு ரூமைத் திறக்குமுன் டேட்டா லாகரின் வரைபடத்தைப் பார்த்தோம். மைனஸ் 18-ஐ ஒட்டி ஓடிய கோடு, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மைனஸ் 10 வரை ஏறி இறங்கியிருந்தது. புதுப் பையன் பதறிவிட்டான். அது டிஃப்ராஸ்ட்தான். காயிலில் படியும் ஐஸை உருக்க ஹீட்டர் ஓடும்போது சுற்றியிருக்கும் காற்றுதான் சூடாகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் இருக்கும் மீனுக்கு அது எட்டாது. எவ்வளவு ஏறியது என்பதைவிட, இறங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார் என்றேன். நம் ரூமில் அரை மணி நேரம் போதும்.

மே 7
இறங்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஃபேனுக்கு முன்னால் கையை நீட்டினால் காற்று வலுவாக வரவில்லை. காயிலின் கீழ்ப்பாதி ஒரே ஐஸ் கட்டி. கதவு இடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இறுக்கமாகத்தான் பிடித்தது, காஸ்கெட் நல்ல நிலையில் இருக்கிறது. மெக்கானிக் கிளாம்ப் மீட்டரை மாட்டியதும், ஒரு ஹீட்டருக்குக் கரண்டே போகவில்லை என்று தெரிந்தது. ஐஸ் முழுக்க உருகாமலேயே மேலே மேலே படிந்திருக்கிறது.

மே 8
காலையில் காற்று மைனஸ் 11. அதற்குக் கீழே போகவில்லை. அதை வைத்து மட்டும் சரக்கைத் தீர்மானிக்க முடியாது. இரண்டு பாக்கெட்டுக்கு நடுவே தெர்மாமீட்டரின் முனையைச் செருகி, எண் நிலைக்கும்வரை காத்திருந்தேன். நடு அடுக்கில் மைனஸ் 17, கதவோரம் மேலடுக்கில் மைனஸ் 13. இறால் பாக்கெட்டைக் குலுக்கினால் தனித்தனியாகச் சலசலத்தது. உருகி மறுபடி உறைந்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருக்கும், பாக்கெட்டின் மூலையில் ஐஸ் தேங்கியிருக்கும். சரக்கெல்லாம் பக்கத்து ஃப்ரீசருக்குப் போனது. மேலடுக்கு மட்டும் முதலில் விற்க வேண்டும் என்று ஒட்டினேன். ஹீட்டர் மாற்றியாகிவிட்டது.

மே 11
இன்று சில்லர். இரவு 1:10-க்கு டிரிப் ஆகி, ஐந்தரைக்குத் திறந்தபோது காற்று 11 டிகிரி. ஐஸ் நிறைய இருந்த கிரேட்களில் மீனின் உட்பகுதி 2 டிகிரிதான், அவை தப்பின. ஐஸ் உருகித் தண்ணீர் வடிந்துபோன சூரை கிரேட்டில் 9 டிகிரி. சூரையில் குளிர் குறைந்தால் பாக்டீரியா ஹிஸ்டமின் உண்டாக்கும். உண்டானபின் சமைத்தாலும் போகாது, உறையவைத்தாலும் போகாது. நல்ல வாசனை வருகிறது என்று கடைக்காரர் வாதாடினார். வாசனையை வைத்து ஹிஸ்டமினைச் சொல்ல முடியாது; அந்த கிரேட் எப்போது 4 டிகிரியைத் தாண்டியது என்றும் யாருக்கும் தெரியாது. 22 கிலோவையும் ஒதுக்கினேன். சேத நோட்டில் எடை, இடம், எடுத்த வெப்பநிலை, “இரவு மூடும்போது ஐஸ் பார்க்கவில்லை” என்ற காரணம் எல்லாம் எழுதினேன். வெறுமனே “கெட்டது” என்று எழுதினால் அடுத்த மாதம் எதையும் திருத்த முடியாது.

மே 12
அலாரத்தை மாற்றினோம். ஃப்ரீசரில் மைனஸ் 12-க்கு மேல் 45 நிமிடம் நின்றால்தான் அடிக்கும், டிஃப்ராஸ்டுக்கு அலறாது. சில்லரில் 5 டிகிரிக்கு மேல் 20 நிமிடம். இரண்டும் இரவுக் காவலர் போனுக்கும் போகும்.