தூள் வறுக்கிற நாள்

சோளகம் வீசத் தொடங்கினால் வேலணையில் எங்கட குசினிக் கதவு சாத்தித்தான் கிடக்கும். திறந்தால் அடுப்பு நூர்ந்துபோகும். அப்படியொரு நாளில் அம்மா தூளுக்கு ஒரு கிலோ செத்தல் மிளகாயை ஒரே தாச்சியில் போட்டு வறுத்தா. கொஞ்ச நேரத்தில மூச்சு விடேலாத இருமல். தண்ணி குடுத்தன், தொண்டை எரிவு குறையேல்லை.

உறைப்பைத் தருகிற கப்சாய்சின் தண்ணீரில் கரையாது. மிளகாய் கருகும்போது அது புகையோடு ஏறி, தொண்டையில் சூட்டை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது. நெருப்புப் பட்டதெண்டு நினைச்சுத்தான் உடம்பு இருமுது. 2007இல் லண்டன் சோஹோவில் ஒரு தாய்லாந்து உணவகத்தில் மிளகாய் வறுத்த நெடியை நச்சுப்புகையென்று பயந்து தெருவையே மூடினார்கள்.

ஆக, கருகவிடாததுதான் பாதி வைத்தியம். இப்ப நாங்கள் மிளகாயை மொறுமொறுவெண்டு வெயிலில காயவிடுறம். வறுக்கிற நேரம் குறையும். மல்லி, சீரகத்தை முதலில் தனியாக வறுத்து, மிளகாயைக் கடைசியில், மெல்லிய நெருப்பில், கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவம். நிறம் கறுக்க முன்னமே இறக்கி வேறு பாத்திரத்தில் கொட்டிவிடவேணும். தாச்சிச் சூட்டிலேயே கருகிவிடும். மூக்கு அரிக்கத் தொடங்கினால் நெருப்பு கூடிப்போச்சு.

அடுப்பும் இப்ப முற்றத்தில், மதில் மறைவில். காற்று பக்கவாட்டாய்ப் போகிற மாதிரி இருந்தால் புகை முகத்தில அடிக்காது. இருமல் வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு விலகி வெளிக்காற்றில் நில்லுங்கோ. இழுப்பு உள்ளவர்கள் வறுக்கிற பக்கமே வரக்கூடாது. வெளியில் வந்தும் மூச்சு இழுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்.

“உதை முந்தியே சொல்லியிருக்கலாமே பிள்ளை” எண்டு அம்மா கேட்டா. முந்தி நான் குசினிப் பக்கம் போனதே இல்லை.