வட்டத்தில் ஒரு வில், கோட்டில் ஓயாத துண்டுகள்

திங்கள்

பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் sin x = 1/2 என்று கொடுத்தால் கை தானாக π/6, 5π/6 என்று எழுதிவிடுகிறது. பொதுத் தீர்வும் மனப்பாடம். இன்று மாலை வகுப்பில் அந்தச் சமக்குறியை அழித்துவிட்டு sin x < 1/2 என்று எழுதினேன். பாதிப் பேர் x < π/6 என்று எழுதி நிறுத்திக்கொண்டார்கள். சமன்பாட்டில் பழகிய கை, இங்கேயும் குறிகளை மட்டும் மாற்றிப் பார்க்கிறது. அசமன்பாட்டுக்கு விடையாக வருவது வட்டத்தின் ஒரு வில். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுத வேண்டும்.

ஆதிப்புள்ளியை மையமாகவும் 1-ஐ ஆரமாகவும் கொண்டு அலகு வட்டத்தை வரைந்தேன். (1, 0) என்ற புள்ளியில் தொடங்கி இடஞ்சுழியாக x ரேடியன் தூரம் நடந்தால் நாம் போய் நிற்கும் இடம் (cos x, sin x). ஆக sin x என்பது நிற்கும் இடத்தின் உயரம். உயரம் 1/2-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. y = 1/2 என்ற கிடைக்கோடு வட்டத்தை வலப்பக்கம் π/6-இலும் இடப்பக்கம் 5π/6-இலும் வெட்டுகிறது. கோட்டுக்கு மேலே ஒரு சிறிய வில், கீழே ஒரு பெரிய வில். கீழே இருப்பதைச் சாக்பீஸால் தடித்துக் காட்டினேன். இதுவரை யாருக்கும் சந்தேகம் இல்லை.

எழுதும்போதுதான் சிக்கல். ஒரு பையன் எழுந்து கேட்டான்: “மிஸ், வில்லு 5π/6-ல ஆரம்பிச்சுக் கீழ சுத்தி வந்து π/6-ல முடியுது. அப்ப 5π/6 < x < π/6 தானே?”

படத்தின் மேல் அவன் விரல் போன பாதை சரியானது. ஆனால் அவன் எழுதிய வரியில் ஓர் எண்கூட அடங்காது. 5π/6-ஐவிடப் பெரியதாகவும் π/6-ஐவிடச் சிறியதாகவும் இருக்கும் எண் ஏது? “நடந்துக்கிட்டே இருக்கும்போது (1, 0)-ஐத் தாண்டினா, நடந்த தூரம் மறுபடி பூஜ்யம் ஆயிடுமாடா?” என்று கேட்டேன். யோசித்தான். “ஆகாது மிஸ், 2π ஆகும்.” அங்கிருந்து இன்னும் π/6 நடந்தால் 13π/6. ஆகவே 5π/6 < x < 13π/6. அல்லது ஒரு சுற்று முன்கூட்டியே கணக்கைத் தொடங்கலாம்: −7π/6 < x < π/6. இரண்டும் அதே வில். எனக்கு இரண்டாவது பிடிக்கும், பூஜ்யம் அதற்குள் இருப்பதால். sin 0 = 0, அது 1/2-ஐவிடச் சிறியது, ஆகவே பூஜ்யம் விடைக்குள் இருந்தே ஆக வேண்டும் என்று உடனே சரிபார்த்துவிடலாம்.

இனி 2πk. எண்கோடு முழுவதையும் ஒரு நூலாக நினைத்து வட்டத்தின் மேல் சுற்றுங்கள் என்றேன். வட்டத்தில் ஒரு வில்லுக்கு மை பூசினால் அதன்மேல் கிடக்கும் ஒவ்வொரு சுற்று நூலிலும் மை ஏறும். நூலைப் பிரித்து நீட்டினால் 2π இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் மைத்துண்டுகள் தெரியும். அதைத்தான் ஒரே வரியில் எழுதுகிறோம்:

−7π/6 + 2πk < x < π/6 + 2πk, k ∈ ℤ

இரண்டு முனையிலும் ஒரே k வர வேண்டும். ஒரு முனையில் மட்டும் 2πk சேர்த்தால் துண்டின் நீளமே மாறிவிடும்.

நீளத்தைப் பார்ப்பது நல்ல சோதனையும் கூட. இந்த வில்லின் நீளம் 4π/3. மேலே விட்டுவந்த வில்லின் நீளம் 5π/6 − π/6, அதாவது 2π/3. கூட்டினால் சரியாக 2π. கூட்டுத்தொகை 2π வரவில்லை என்றால் ஏதோ ஒரு முனை தப்பு.

செவ்வாய்

cos-க்குக் கிடைக்கோட்டுக்குப் பதில் நிலைக்கோடு. cos x ≥ −1/2 என்றால் அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கும் வில்: −2π/3 + 2πk ≤ x ≤ 2π/3 + 2πk. சமக்குறி உண்டு, ஆகவே முனைகளில் நிரப்பிய புள்ளி. சிலர் இதையே 0 முதல் 2π/3 வரை, 4π/3 முதல் 2π வரை என்று இரண்டு துண்டாக எழுதியிருந்தார்கள். [0, 2π]-க்குள் மட்டும் விடை கேட்டால் அப்படித்தான் எழுத வேண்டும். மற்றபடி, எதுவுமே மாறாத (1, 0)-இல் ஒரு முழு வில்லை எதற்காக வெட்டுவது?

tan-இல் இரண்டு விஷயம் வேறுபடுகிறது. காலமுறை π, ஏனெனில் எதிரெதிர்ப் புள்ளிகளுக்கு tan மதிப்பு ஒன்றே. அடுத்தது, π/2-இல் tan வரையறுக்கப்படவே இல்லை. tan x ≥ 1 என்றால் π/4 + πk ≤ x < π/2 + πk. இடது முனை மூடியது, வலது முனை திறந்தது. கேள்வியில் ≥ இருக்கிறதே என்று இரண்டு முனையையும் மூடிவிடுவது இந்தக் கணக்கில் அடிக்கடி வரும் பிழை.

வியாழன்

இன்று முழு வகுப்பும் ஒரே கணக்கில் போயிற்று, போனது நல்லதுதான். sin 2x > sin x.

நன்றாகப் படிக்கும் பெண் ஒருத்தி இரண்டே வரியில் முடித்துவிட்டாள். sin 2x என்பது 2 sin x cos x. இரண்டு பக்கமும் sin x-ஆல் வகுத்தால் cos x > 1/2. ஆகவே −π/3 + 2πk < x < π/3 + 2πk. பார்க்க அழகாக இருக்கிறது. அந்த விடைக்குள் இருக்கும் −π/6-ஐப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். இடது பக்கம் sin(−π/3), கிட்டத்தட்ட −0.87. வலது பக்கம் −0.5. −0.87 பெரியது அல்ல. பிறகு அவள் விடைக்கு வெளியே இருக்கும் 4π/3-ஐப் போட்டோம். இடது பக்கம் 0.87, வலது பக்கம் −0.87. இது பொருந்துகிறது. இருக்கக் கூடாதது உள்ளே, இருக்க வேண்டியது வெளியே.

காரணம் அவளே சொன்னாள்: “வட்டத்தோட கீழ்ப் பாதில sin x மைனஸ். மைனஸால வகுத்தா குறி திரும்பணும் மிஸ்.” அதேதான். குறி தெரியாத ஒன்றால் அசமன்பாட்டை வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்த வேண்டும்:

sin x (2 cos x − 1) > 0

இப்போது வட்டத்துக்கு வருவோம். sin x பூஜ்யமாகும் இடங்கள் 0, π. 2 cos x − 1 பூஜ்யமாகும் இடங்கள் π/3, 5π/3. இந்த நான்கு புள்ளிகளும் வட்டத்தை நான்கு வில்லாக வெட்டுகின்றன. ஒவ்வொரு வில்லிலும் இரண்டு காரணிகளின் குறியும் மாறாமல் இருக்கும். மாற வேண்டுமானால் பூஜ்யத்தைத் தொட்டாக வேண்டும். 0 முதல் π/3 வரை உயரம் நேர், cos-உம் 1/2-க்கு மேல், பெருக்கல் நேர். π/3-ஐத் தாண்டியதும் இரண்டாவது காரணி குறையாகிறது. π வரை பெருக்கல் குறை. π-ஐத் தாண்டினால் sin-உம் குறை. இரண்டு குறையும் சேர்ந்து 5π/3 வரை நேர். கடைசி வில்லில் sin மட்டும் குறை, ஆகவே மறுபடி குறை. விடை:

2πk < x < π/3 + 2πk அல்லது π + 2πk < x < 5π/3 + 2πk, k ∈ ℤ

இங்கே குறிகள் நேர், குறை என்று மாறி மாறி வந்தன. ஆனால் அதையே விதியாக்கிக்கொண்டு ஒரு வில்லை மட்டும் சோதித்து மற்றதை நிரப்பிவிடக் கூடாது. காரணி sin²x என்றிருந்தால் 0-இலும் π-இலும் குறி மாறாமலே கடந்துபோகும்.

வெள்ளி

கோணம் x-ஆக இல்லாமல் 2x, 3x என்று வரும்போது 2πk-ஐ எப்போது சேர்ப்பது என்ற கேள்வி வந்தது. வீட்டு மின்சாரத்தை எடுத்துக்கொண்டேன். நம் நாட்டில் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டம். அதன் உச்சம் 230√2, ஏறக்குறைய 325 வோல்ட். நேரம் t நொடி என்றால் மின்னழுத்தம் 325 sin(100πt). எந்தெந்த நேரத்தில் அதன் அளவு, திசையைப் பாராமல், உச்சத்தில் பாதியைத் தாண்டுகிறது?

θ = 100πt என்று வைத்தால் |sin θ| > 1/2. வட்டத்தில் y = 1/2, y = −1/2 என்று இரண்டு கோடு. மேல்கோட்டுக்கு மேலே ஒரு வில், கீழ்க்கோட்டுக்குக் கீழே ஒரு வில். மேல்வில்லை அரைச்சுற்று திருப்பினால் கீழ்வில், ஆகவே இரண்டையும் ஒரே வரியில் πk கொண்டு எழுதலாம்: π/6 + πk < θ < 5π/6 + πk. முதலில் இதை முழுதாக எழுதிவிட்டு, பிறகுதான் 100π-ஆல் வகுக்க வேண்டும். வகுக்கும்போது πk-உம் சேர்ந்து வகுபடும்:

1/600 + k/100 < t < 1/120 + k/100

t பூஜ்யத்தில் தொடங்குவதால் இங்கே k = 0, 1, 2, … மட்டும். ஒவ்வொரு 10 மில்லிநொடியிலும் 1.67-இல் இருந்து 8.33 வரை, அதாவது மூன்றில் இரண்டு பங்கு நேரம், பாதி உச்சத்துக்கு மேல்.

ஒருவன் முதலில் வகுத்துவிட்டு, பழக்கத்தில் πk-ஐக் கடைசியில் ஒட்டியிருந்தான். அவன் கணக்குப்படி இந்த நிலை 3.14 நொடிக்கு ஒரு முறைதான் திரும்ப வரும். t = 0.015-ஐப் போட்டுப் பார்த்தான்: θ = 3π/2, அப்போது மின்னழுத்தம் எதிர்த்திசை உச்சத்திலேயே இருக்கிறது. அவன் விடையில் அந்த நேரம் இல்லை. பிழை எங்கே என்று பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஞாயிறு

நாளைக்கு 2 sin²x − 3 sin x + 1 ≥ 0 கொடுக்கலாம் என்றிருக்கிறேன். (2 sin x − 1)(sin x − 1) ≥ 0 என்று பிரியும். ஆகவே sin x ≤ 1/2, அல்லது sin x ≥ 1. இரண்டாவதைப் பார்த்ததும் “sin 1-ஐத் தாண்டாதே” என்று பலர் அடித்துவிடுவார்கள். தாண்டாது, ஆனால் தொடும். வட்டத்தின் உச்சிப் புள்ளி மட்டும் மிச்சமாக விடையில் சேரும். ஆக −7π/6 + 2πk ≤ x ≤ π/6 + 2πk என்ற துண்டுகளோடு, x = π/2 + 2πk என்ற தனிப் புள்ளிகளும். ≥ என்பது > ஆக இருந்திருந்தால் அந்தப் புள்ளிகள் போய்விடும், முனைகளும் திறந்துவிடும்.

கூடவே sin x > x/10 என்ற ஒன்றையும் எழுதிக் காட்ட வேண்டும். பார்வைக்கு அதே குடும்பம். ஆனால் வலது பக்கம் இருக்கும் x ஒவ்வொரு சுற்றுக்கும் வளர்ந்துகொண்டே போகிறது. வட்டத்தில் ஒரே இடத்தில் நின்றாலும் எத்தனையாவது சுற்று என்பதைப் பொறுத்து விடை மாறும். x, 10-ஐத் தாண்டினால் ஒரு தீர்வும் இல்லை, −10-க்குக் கீழே எல்லாமே தீர்வு. இதற்கு 2πk போட்டு எழுத வழி இல்லை. y = sin x வளைவையும் y = x/10 கோட்டையும் ஒரே படத்தில் வரைந்து, வெட்டும் இடங்களைத் தோராயமாகத்தான் கணக்கிட வேண்டும்.