பெரியப்பா நீட்டிய அட்டை

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரை மணிக்கு நியூஜெர்சியில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசை முன்னால் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். ஹூஸ்டனில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஆறு மாதத் தங்கலாக வந்தவர், என் அண்ணன் மகள் கல்யாணத்துக்காகப் பெரியம்மாவோடு தனியாக விமானமேறி வந்திருந்தார். மேசையிலிருந்த பெண் பெயரைக் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்படி ஒரு பதிவே இல்லை என்றாள். பெரியப்பா பதறவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அட்டையை எடுத்து நீட்டினார். கல்யாணப் பத்திரிகையின் உறைக்குள் வந்த அட்டை அது. இரண்டு ஹோட்டல்களின் பெயர், ஒதுக்கீட்டுக் குறியீடு, செக்-இன் மூன்று மணி, ஷட்டில் பஸ் ஒன்பது மணி என்று பொன் மையில் அச்சாகியிருந்தது.

"இதுல நம்ம கல்யாணத்துக்கு ரூம் ஒதுக்கியாச்சுன்னு போட்டிருக்கே தம்பி, அப்புறம் ஏன் இல்லைங்கறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

ஹோட்டல் நிரம்பியிருந்தது. தம்பி முறையுள்ள ஒருவன் தன் அறையைக் கொடுத்துவிட்டு நண்பர்களோடு போய்ப் படுத்துக்கொண்டான். அன்றைக்குச் சமாளித்தாகிவிட்டது. ஆனால் எழுபத்தாறு வயதுப் பெரியவர் ஓர் அட்டையை நம்பி ஆயிரத்துச் சொச்சம் மைல் வந்திருக்கிறார் என்றால், அந்த அட்டை சொன்னது என்ன, அவர் படித்தது என்ன? இந்தக் கேள்விதான் என்னைப் பழைய புத்தகங்களுக்குள் இறக்கியது.

அமெரிக்காவில் இதைத் தங்குமிட அட்டை என்றோ விவர அட்டை என்றோ சொல்கிறார்கள். வழக்கமான பத்திரிகை ஐந்துக்கு ஏழு அங்குலம். இந்த அட்டை பெரும்பாலும் மூன்றரைக்கு ஐந்து, அதாவது அதில் சரியாகப் பாதி. விவரத்தைப் பத்திரிகையிலேயே அடித்துவிடாமல் ஏன் தனி அட்டை என்று தேடப்போனால், 1922-இல் எமிலி போஸ்ட் எழுதிய ஆசார நூல் கிடைக்கிறது. பதிப்புரிமை முடிந்த நூல் என்பதால் இன்று யாரும் முழுதாகப் படிக்கலாம். அந்தக் காலத்து மேட்டுக்குடிப் பத்திரிகைகள் செப்புத் தகட்டில் எழுத்தைச் செதுக்கி அச்சிட்டவை. அழைப்பு வாசகத்துக்கு ஒரு கட்டுக்கோப்பு உண்டு. அதில் நடைமுறைச் செய்தி எதையும் கலக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியது மிச்சமிருந்தால் இன்னோர் அட்டை. தேவாலயத்தில் இன்ன வரிசையில் உட்காரலாம் என்பதற்கு ஓர் அட்டை, விருந்துக்கு ஓர் அட்டை, மணமக்கள் குடியேறும் முகவரிக்கு ஓர் அட்டை. எல்லா அட்டைகளும் எல்லோருக்கும் போகாது. வரிசை அட்டை நெருங்கிய சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மட்டும்.

அந்த அட்டைகளுக்கு நடுவில்தான் ரயில் அட்டை என்று ஒன்று தட்டுப்பட்டது. கல்யாணம் நாட்டுப்புறத்து வீட்டில், விருந்தினர்கள் நியூயார்க் நகரத்தில். அவர்களை அழைத்துவர மணமகள் வீட்டார் தனி ரயிலோ தனிப் பெட்டியோ ஏற்பாடு செய்வார்கள். எந்த நிலையத்தில் எத்தனை மணிக்குப் புறப்படும், எப்போது சேரும், திரும்பும் வண்டி எப்போது என்ற மூன்று செய்திகளும் அட்டையில் இருக்கும். கடைசியாக, நிலைய வாயிலில் இதைக் காட்டவும் என்று ஒரு குறிப்பு.

அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அட்டை பயணச்சீட்டு. கட்டணம் கல்யாண வீட்டுக் கணக்கு; காட்டினால் வழி விடுவார்கள். பெரியப்பா செய்ததும் அதைத்தான். அட்டையின் பூர்வீகத்தை அவர் சரியாகப் படித்திருந்தார். இடைப்பட்ட காலத்தில் அதன் பொருள் மாறிப்போயிருந்தது.

மாறியது சாலையில். 1952-இல் கெம்மன்ஸ் வில்சன் மெம்பிஸ் நகரத்துச் சாலையோரத்தில் முதல் ஹாலிடே இன்னைத் திறந்தார். 1956-இல் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் மாநிலங்களை இணைக்கும் நெடுஞ்சாலைகளுக்கு வழிவிட்டது. விருந்தினர் சொந்தக் காரில் வந்தார். வழியில் தன் செலவில் அறை எடுத்தார். கல்யாண வீட்டார் செய்ய வேண்டியது வழி காட்டுவதும் நல்ல ஹோட்டல் எதுவென்று சொல்வதும் மட்டுமே. சீட்டாக இருந்த அட்டை இப்படித்தான் தகவலாயிற்று. ஷட்டில் பஸ் வரியில் மட்டும் பழைய ரயில் அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அறை வாடகை விருந்தினருடையது, பஸ் வாடகை கல்யாண வீட்டாருடையது. ஒரே அட்டையில், ஒரே எழுத்தில், இந்த இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. எது யார் செலவு என்று எங்கும் எழுதியிருப்பதில்லை. அமெரிக்க நண்பர்கள் அதைச் சொல்லாமலே புரிந்துகொள்கிறார்கள்.

நம் பக்கத்து வழக்கமோ வேறு. என் பெற்றோரின் 1978 பத்திரிகையை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். அடியில் குறிப்பு என்று போட்டு, கும்பகோணம் பஸ் நிலையத்திலிருந்து மண்டபத்துக்கு வரும் வழி இருக்கிறது. தங்குவதைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஜாகை என்பது கல்யாண வீட்டின் பொறுப்பு. மண்டபத்து மாடி அறையோ, எதிர்த்த வீட்டுத் திண்ணையோ, கடைவீதி லாட்ஜோ, ஏதோ ஒன்றைப் பெண் வீட்டார் பிடித்து வைத்திருப்பார்கள். அச்சில் போட்டால்தான் அது அவமரியாதை. அந்த வழக்கத்தில் வளர்ந்தவர் ஓர் அட்டையில் ஹோட்டல் பெயரையும் ஒதுக்கீடு என்ற சொல்லையும் பார்த்தால், ஜாகை தயார் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

ஒதுக்கீடு என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதை அண்ணனின் ஒப்பந்தத் தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்துகொண்டேன். வெள்ளி, சனி இரண்டு இரவுகளுக்கு முப்பது அறைகள், ஒரு இரவுக்கு 149 டாலர். ஆக 60 அறை-இரவுகள். அதில் 80 சதவீதம், அதாவது 48, விருந்தினர்களால் நிரம்ப வேண்டும். குறைந்தால் அந்தப் பணம் அண்ணனுடையது. நாற்பதுதான் நிரம்பியிருந்தால் எட்டுக்கு 1,192 டாலர் கட்டியிருப்பார். பத்து அறைக்குள் போதும் என்றால் இந்தப் பொறுப்பே இல்லாமல் மரியாதைக்கு ஒதுக்கித் தரும் ஹோட்டல்கள் உண்டு. எந்த வகையானாலும் ஒரு கெடு நாள் இருக்கும், பெரும்பாலும் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு. அன்றைக்குப் பிறகு, யாரும் பெயர் கொடுக்காத அறைகள் பொதுவிற்பனைக்குப் போய்விடும்.

பெரியப்பாவின் அறை போனது இங்கேதான். கல்யாணம் ஜூன் 15. ஹோட்டல் கெடு மே 16. ஆனால் வருகிறோமா இல்லையா என்று பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாள் என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் இருந்தது மே 25. பெரியப்பாவின் மகள் மே 20-ஆம் தேதி இருவர் வருகிறார்கள் என்று பதில் அனுப்பிவிட்டாள். அதோடு அறையும் முடிந்தது என்று நினைத்தாள். ஹோட்டல் கெடுவோ அட்டையின் கடைசி வரியில் பொடி எழுத்தில் கிடந்தது. பதில் நாளை ஹோட்டல் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் வைத்திருந்தால், பதில் வந்தும் அறை எடுக்காதவர்கள் யார் என்று இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். அதற்கு ஏழு நாள் தாராளம்.

பஸ் கணக்கு இதைவிட வலித்தது. ஹோட்டலுக்கும் மண்டபத்துக்கும் இருபத்தைந்து நிமிட ஓட்டம். இருபத்தெட்டு இருக்கையுள்ள சின்ன பஸ் இரண்டு. அட்டையில் இருந்த நேரம் ஒன்றே ஒன்று, ஒன்பது மணி. பட்டுப்புடவையும் வேட்டியுமாக 96 பேர் வாசலில் நின்றார்கள். 56 பேர் ஏறினார்கள். எல்லோரும் உட்கார்ந்து வண்டி நகரும்போது 9:10. மண்டபம் சேர்ந்தது 9:35, இறக்கிவிட்டுக் கிளம்பியது 9:45, ஹோட்டலுக்குத் திரும்பியது 10:10. மீதி நாற்பது பேரையும் ஏற்றிக்கொண்டு மறுபடி மண்டபம் சேர்ந்தபோது மணி 10:45. தாலி கட்டியது 10:40. ஐந்து நிமிடம். பெண்ணின் தாய்மாமன் வீட்டார் பதினோரு பேர் அந்த நாற்பதில் இருந்தார்கள்.

இந்தக் கணக்கை முகூர்த்தத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். முகூர்த்தம் 10:15-க்கு ஆரம்பம். அதற்கு ஐம்பது நிமிடம் முன்பாவது கடைசி வண்டி மண்டபம் சேர வேண்டும் என்றால், இரண்டாவது நடை 9:00 மணிக்குக் கிளம்பி 9:25-க்குச் சேர்ந்தாக வேண்டும். போக இருபத்தைந்து, இறக்கப் பத்து, திரும்ப இருபத்தைந்து, ஏற்றப் பத்து, ஆக ஒரு சுற்று எழுபது நிமிடம். எனவே முதல் நடை 7:50. அட்டையில் இரண்டு நேரமும் இருக்க வேண்டும். டிபன் மண்டபத்தில் எட்டரைக்கு என்ற வரியும் வேண்டும். அது இல்லாவிட்டால் எவரும் முதல் நடைக்கு வரமாட்டார்கள், எல்லோரும் ஒன்பது மணி வண்டிக்கே காத்திருப்பார்கள்.

அட்டையில் இல்லாமல் போன இன்னொரு நேரம் செக்-அவுட். செக்-இன் மூன்று மணி என்று போட்டவர்கள் அதைப் போடவில்லை. ஞாயிறு காலை பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் அட்சதையும் கையுமாக மண்டபத்தில். சாப்பிட்டுத் திரும்பியவர்களில் ஆறு குடும்பங்களிடம் அரைநாள் வாடகை கேட்டார்கள். ஒப்பந்தம் போடும்போதே செக்-அவுட்டை மூன்று மணிக்குத் தள்ளிக் கேட்டிருக்கலாம். கிடைக்காவிட்டாலும், பெட்டிகளைக் கட்டி வரவேற்பு மேசையில் ஒப்படைத்துவிட்டு முதல் பஸ்ஸில் ஏறவும் என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

அடுத்த ஆண்டு அண்ணனின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். அட்டையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. 1922-இன் முறையைப் பின்பற்றி இரண்டு வகை அடித்தோம். ஒன்று நண்பர்களுக்கு: சலுகை வாடகை, பதிவு செய்ய வேண்டிய கடைசி நாள் மேலேயே பெரிய எழுத்தில், பஸ் இரண்டு நடை, அறையைக் காலி செய்யும் நேரம். மற்றது பெரியவர்களுக்கென்று பதினான்கு மட்டும், தமிழில். அதில் இருந்தது இவ்வளவுதான்:

ஜாகை எங்கள் பொறுப்பு. தங்கள் பெயரில் அறை பதிவாகியுள்ளது. பதிவு எண் கீழே. பாஸ்போர்ட்டை மட்டும் கையில் வைத்திருக்கவும். மண்டபத்துக்கு முதல் பஸ் காலை 7:50. டிபன் மண்டபத்தில்.

கீழே இருந்த கோட்டில் பதிவு எண்களை அண்ணி பேனாவால் எழுதினாள். பெரியப்பாவின் அட்டையில் எழுதியதை மட்டும் ஹோட்டலுக்கு ஒருமுறை போன் பண்ணிச் சரிபார்த்துவிட்டு உறையை ஒட்டினாள்.