கபடிப் போட்டியும் நான் விட்ட கணக்கும்

 

முப்பது வருடம் உங்களுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். 2024 பொங்கல் சமயத்தில் சதவீதக் கணக்கில் நானே கோட்டை விட்டேன். இதுவரை வெளியே சொன்னதில்லை. போன வாரம் இன்னொரு தம்பி போட்டி நோட்டீஸ் ஒன்றை அனுப்பி, சரி பார்க்கச் சொன்னார். அதனால் எழுதிவிடுகிறேன்.

திருப்பூரில் சின்னதாகப் பவர் டேபிள் வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், பொங்கலுக்கு ஊரில் கபடிப் போட்டி நடத்தினார். நுழைவுக் கட்டணமும் நன்கொடையும் சேர்த்துப் பரிசுக்கு 60,000 ரூபாய். "சார், நீங்க ஒருக்கா பார்த்துட்டீங்கன்னா அச்சுக்குக் கொடுத்துருவனுங்க" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அதில் இப்படி இருந்தது:

முதல் இடம் – 40% – ரூ.24,000
இரண்டாம் இடம் – 25% – ரூ.15,000
மூன்றாம் இடம் – 15% – ரூ.9,000
நான்காம் இடம் – 10% – ரூ.6,000
5 முதல் 8 வரை – 10% – தலா ரூ.6,000

சதவீதத்தைக் கூட்டினேன், 100. ஒவ்வொரு வரியையும் 60,000-த்தால் பெருக்கிப் பார்த்தேன், சரி. தொகைகளைக் கூட்டினேன், 60,000. மூன்று விதமாகப் பார்த்தாகிவிட்டது என்ற தைரியத்தில் "சரிதான் கண்ணு" என்று பதில் போட்டேன்.

பரிசளிப்பு நடந்தது ஞாயிறு ராத்திரி. வழக்கம்போலக் கடைசி இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கால் இறுதியில் தோற்ற நான்கு அணிகளும் மேடையேறின. கவர் ஒன்றில் 1,500 இருந்தது. பல்லடம் பக்கமிருந்து வேன் பிடித்து வந்த பையன் ஒருவன் நோட்டீஸை எடுத்துக் காட்டினான். "அண்ணா, தலா ஆறாயிரம்னு போட்டிருக்குதுங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பட்டியலில் வரிகள் ஐந்து. பரிசு வாங்கும் அணிகளோ எட்டு. நான் வரிகளைக் கூட்டினேனே தவிர, அணிகளைக் கூட்டவில்லை. கடைசி வரியில் நான்கு அணிகள் நிற்கின்றன. தலா 6,000 என்றால் அந்த வரிக்கே 24,000 வேண்டும். மொத்தம் 78,000. சதவீதமும் 130 ஆகிவிடும். மாணவர் மனதில் நினைத்தது, நால்வருக்கும் சேர்த்து 10%, ஆளுக்கு 2.5%, அதாவது 1,500. கவரில் அதைத்தான் போட்டிருந்தார். நோட்டீஸில் "தலா" என்ற ஒரு சொல் கணக்கை மாற்றிவிட்டது.

1,500 கொடுத்து அனுப்பிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். அச்சடித்ததைக் கொடுத்தாக வேண்டும் என்றேன். தையல்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க வைத்திருந்த பணத்தில் இருந்து அந்தத் தம்பி 18,000 எடுத்துக் கொடுத்தார். என் மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் பென்ஷன் பணத்தில் பாதியாக 9,000 கொண்டு போனேன். வாங்க மறுத்தார். மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அதே ஜூன் மாதம் டி20 உலகக் கோப்பைப் பரிசுப் பட்டியல் பேப்பரில் வந்தது. விடுவேனா? பேனாவோடு உட்கார்ந்தேன். மொத்தம் 1 கோடியே 12.5 லட்சம் டாலர். சாம்பியனுக்கு 24.5 லட்சம், இரண்டாம் இடத்துக்கு 12.8 லட்சம். அரையிறுதியில் தோற்ற இரு அணிகளுக்குத் தலா 7,87,500. அடுத்த நான்கு அணிகளுக்குத் தலா 3,82,500, அதற்கடுத்த நான்குக்குத் தலா 2,47,500, மீதி எட்டுக்குத் தலா 2,25,000. நான் செய்தது போல வரிகளை மட்டும் கூட்டினால் 53.7 லட்சம்தான் வரும். அணி எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டினால் 96.25 லட்சம். அரையிறுதி, இறுதி நீங்கலாக 52 ஆட்டங்கள், ஒவ்வொரு வெற்றிக்கும் 31,154 டாலர். அதையும் சேர்த்தால் 1 கோடியே 12.45 லட்சம். ஏறக்குறைய 5,000 டாலர் மட்டும் இடிக்கிறது. அவ்வளவு பெரிய தொகையில் இது, மொத்தத்தை முழுமையாக்கிச் சொல்லும்போது வரக்கூடிய வித்தியாசம்தான்.

எங்கள் கணக்கில் இடித்தது 18,000. அதை 6,000-த்தால் வகுத்தால் மிச்சமில்லாமல் 3 வரும். அதாவது, நாங்கள் எண்ணாமல் விட்ட அணிகள் மூன்று. இடிக்கும் தொகை ஏதாவது ஒரு பரிசால் மீதியின்றி வகுபட்டால், முதலில் ஆள் எண்ணிக்கையைப் பாருங்கள். சில்லறையாக நின்றால் முழு எண்ணாக்கியதில் வந்திருக்கும்.

போன வாரம் வந்த நோட்டீஸில் "9 முதல் 16 வரை – 8%" என்றிருந்தது. ஒவ்வொருவருக்குமா, எட்டுப் பேருக்கும் சேர்த்தா என்று கேட்டேன். சேர்த்துத்தானாம். "ஆளுக்கு 1%" என்று மாற்றி, பக்கத்தில் ஆள் எண்ணிக்கைக்கு ஒரு கட்டமும் போடச் சொன்னேன். கட்டத்தில் கூட்டினால் 16 வர வேண்டும். வந்தது. அதன்பிறகுதான் "சரிதான் கண்ணு" என்று பதில் போட்டேன்.