‘வரை’ என்ற சொல்லின் விலை

முனைவர் பட்ட ஆய்வுக்கிடையே, எலெக்ட்ரானிக் சிட்டியிலுள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்தில் தமிழ் அறிவிப்புகளைச் செப்பனிடும் பகுதிநேரப் பணியைச் சென்ற ஆண்டு சில மாதங்கள் செய்தேன். அங்கு என் கைக்கு வந்தவற்றுள் என்னை மிகவும் அலைக்கழித்தது நான்கே வரி கொண்ட ஓர் அறிவிப்பு:

“உங்கள் இலவசக் காலம் மார்ச் 14 வரை உள்ளது. அதன்பின் சந்தா தடையின்றித் தொடரும். ரூ. 499 (வரிகள் தனி) வசூலிக்கப்படும். விரும்பாதோர் உரிய நேரத்திற்குள் ரத்து செய்யலாம்.”

இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆயினும் நிறுவன வாயிலருகே சிற்றுண்டிக் கடை நடத்தும் கிருஷ்ணகிரி அக்காவிடம் இதைக் காட்டி மூன்று கேள்விகள் கேட்டேன்: பணம் எப்போது போகும்? எவ்வளவு போகும்? நிறுத்த என்ன செய்வீர்கள்? அவர் சொன்ன விடைகள்: “பதினஞ்சாம் தேதி போவும் தம்பி. நானூத்தித் தொண்ணூத்தொம்பது, ஒரு தடவதான். வேணாம்னா போன்லேர்ந்து அத அழிச்சிருவேன்.” மூன்றும் தவறு. தவறு அவருடையதன்று.

முதலில் நாள். தமிழில் ‘14 வரை’ என்றால் 14ஆம் நாளும் அடங்கும் என்றே நாம் கொள்கிறோம். பொறியாளரை விசாரித்தபோது, 14ஆம் தேதி தொடங்கும் கணத்திலேயே இலவசக் காலம் முடிந்துவிடுவதாக அவர் கூறினார். கணினி பின்பற்றுவதோ உலகப் பொது நேரம். அதன் நள்ளிரவு நமக்குக் காலை 5.30. ஆகவே 14 அன்று விடியும் முன்னரே பணம் போய்விடும். அன்று பகலில் ரத்து செய்யலாம் என்று காத்திருப்பவர் ஏமாறுவார்.

அடுத்தது தொகை. 18 விழுக்காடு வரி சேர்த்தால் ரூ. 499 என்பது ரூ. 588.82 ஆகும். தானாகக் கழியும் தொகைகளுக்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அட்டை வழங்கிய வங்கி வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அச்செய்தியில் 588.82 என்றிருக்கும். 499ஐ எதிர்பார்த்திருப்பவர் அது வேறு ஏதோ கணக்கு என்று நினைத்துக் கடந்துவிடக்கூடும். அறிவிப்பில் இருப்பதும் வங்கிச் செய்தியில் இருப்பதும் ஒரே எண்ணாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றையே சொல்கின்றன என்பது வாசிப்பவருக்கு விளங்கும்.

‘ஒரு தடவதான்’ என்ற விடைக்குக் காரணம் வினைமுற்று. தமிழின் ‘-உம்’ விகுதி எதிர்காலத்தையும் வழக்கமாக நிகழ்வதையும் ஒருங்கே குறிக்கும். ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’, ‘நாளை மழை பெய்யும்’ இரண்டிலும் அதே விகுதிதான். எனவே ‘வசூலிக்கப்படும்’ என்பது ஒருமுறையா, மாதந்தோறுமா என்பதை வினை சொல்லாது; ‘ஒவ்வொரு மாதமும்’ என்று தனியே எழுதியாக வேண்டும். போதாக்குறைக்கு, அந்தச் செயப்பாட்டு வினை பணத்தை எடுப்பவரையும் மறைத்துவிடுகிறது.

மூன்றாம் விடைக்குப் பின்னால் ஒரு பட்டறிவு இருந்தது. மகளின் படிப்புக்காகச் சேர்ந்த வேறொரு செயலியை அக்கா இப்படித்தான் அழித்திருக்கிறார்; அதன்பின் இரு மாதங்கள் பணம் போயிருக்கிறது. செயலி நம் கைப்பேசியில் இருக்கிறது. பணம் எடுக்க நாம் அளித்த அனுமதி அங்கில்லை. முன்னதை அழித்தால் பின்னது அழியாது.

இறுதியில் எழுதியது இது:

“மார்ச் 14, வெள்ளி காலை 5.30 மணிக்கு உங்கள் அட்டையிலிருந்து ரூ. 588.82 (வரி உட்பட) எடுப்போம். பிறகு ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி இதே தொகையை எடுப்போம். வேண்டாம் என்றால் மார்ச் 13, வியாழன் இரவு 11 மணிக்குள் ரத்து செய்யுங்கள்: கணக்கு, சந்தா, ரத்து செய். இன்றே ரத்து செய்தாலும் 13 இரவு வரை பயன்படுத்தலாம். செயலியை அழித்தால் மட்டும் சந்தா ரத்தாகாது. ரத்தானதும் உறுதிச் செய்தி வரும். வராவிட்டால் ரத்தாகவில்லை என்று பொருள்.”

‘இரவு 12’ என்று எழுதாததற்குக் காரணம் உண்டு: அது எந்த நாளின் இரவு என்ற ஐயம் எழும். ‘இன்றே ரத்து செய்தாலும்’ என்ற வரி, மீதி நாள்கள் வீணாகுமே என்று தள்ளிப்போட்டுப் பின் மறந்துவிடுபவர்களுக்காக.

கூட்டத்தில் எதிர்ப்பு எழுந்தது: தொகையை முதல் வரியில் வைத்தால் பலர் விலகிவிடுவார்களாம். சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைப்பதும் குழப்புவதும் ‘சந்தாப் பொறி’ என்று 2023இல் ஒன்றிய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடுத்திருப்பதை நினைவூட்டினேன். நாள், தொகை, ரத்து வழி மூன்றும் ஏற்கப்பட்டன. ‘எடுப்போம்’ மட்டும் மீண்டும் ‘வசூலிக்கப்படும்’ ஆயிற்று.

திருத்திய வடிவை அக்காவிடம் காட்டினேன். மூன்று கேள்விகளுக்கும் சரியாக விடை சொன்னார். பிறகு கேட்டார்: “வசூலிக்கப்படும்னா, யாரு தம்பி வசூலிக்கிறது?”