முதுகில் முளைத்த சிறகு

மனித உடலின் எலும்புகளில் தோள்பட்டை எலும்பு சற்று விசித்திரமானது. முக்கோணத் தகடு போன்ற அது விலாக்கூட்டின் பின்புறம் படுத்திருக்கிறது. ஆனால் எந்த விலா எலும்போடும் அதற்கு மூட்டு இல்லை. உடலின் நடு எலும்புக்கூட்டோடு அதை இணைக்கும் ஒரே எலும்புப் பாலம், முன்புறக் காரை எலும்பு மட்டுமே. மற்றபடி அது தசைகளால் பல திசைகளிலிருந்தும் இழுத்துப் பிடிக்கப்பட்டு, விலாக்களின் மேல் வழுக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. கை எவ்வளவு தாராளமாகச் சுழல்கிறதோ அந்தத் தாராளத்தில் ஒரு பங்கு இந்தப் பிடிப்பின்மையால் கிடைத்தது. அதற்கான விலையும் அங்கேதான் இருக்கிறது: பிடிக்கும் தசைகளில் ஒன்று செயலிழந்தால் எலும்பை அதன் இடத்தில் வைத்திருக்க வேறு எதுவும் இல்லை.

அப்படிச் செயலிழக்கக் கூடியவற்றுள் செராட்டஸ் ஆன்டீரியர் என்ற தசை முக்கியமானது. மேலேயுள்ள எட்டு அல்லது ஒன்பது விலாக்களின் வெளிப்பக்கத்திலிருந்து விரல் விரலாகக் கிளம்பும் இது, ரம்பத்தின் பற்களைப் போல் தெரிவதால் இப்பெயர் பெற்றது. தண்டால் எடுத்துப் பழகிய உடலில், அக்குளுக்குக் கீழே பக்கவாட்டில் சாய்வாகத் தெரியும் வரிகள் இதன் பற்களே. அங்கிருந்து தசை பின்னோக்கி மார்புக்கூட்டை அணைத்தபடி சென்று, தோள்பட்டை எலும்புக்கும் விலாக்களுக்கும் நடுவே நுழைந்து, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் எலும்பின் உள்விளிம்பில், அதன் விலாப்பக்க முகத்தில் ஒட்டுகிறது. கடைசி விவரத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தசை தொடங்குவது மார்பின் பக்கவாட்டில். அது பிடித்திருப்பதோ முதுகிலுள்ள எலும்பின் உட்புறத்தை. ஆகவே அது சுருங்கும்போது எலும்பு முன்னோக்கி இழுபடுவதோடு, விலாக்களின் மேல் அழுத்தியும் வைக்கப்படுகிறது. முன்பக்கத் தசைக்கு வரும் நோய் முதுகில் தெரிவது ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த ஒட்டுமிடத்தில்தான் உள்ளது.

டேராடூனில் நிலவியல் ஆய்வு மேற்கொண்டிருந்த ஒரு மாணவி, ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் பன்னிரண்டு நாள் களப்பணி முடித்துத் திரும்பினார். பாறை மாதிரிகளைச் சுமந்த முதுகுப்பையின் எடை, இறங்கும் நாட்களில் இருபது கிலோவுக்கு மேல் இருந்தது. பையின் இடுப்புப் பட்டைக் கொக்கி இரண்டாம் நாளே உடைந்துவிட்டதால், இடுப்பு ஏற்க வேண்டிய சுமையையும் தோள்களே ஏற்றன. திரும்பிய வாரத்தில் மாதிரிப் பெட்டியை மேல் அடுக்கில் வைக்க வலது கை மறுத்தது. வலி என்று சொல்லத்தக்கதாக ஒன்றுமில்லை. கழுத்துக்கும் தோளுக்கும் இடையே ஒரு மந்தமான உளைச்சல் மட்டும். கை தோள்மட்டத்தைச் சற்றே கடந்ததும் நின்றுவிட்டது. சுத்தியலைத் தூக்கினால் சில நிமிடங்களிலேயே சோர்ந்தது. அடுத்த களப்பருவத்துக்கு எட்டு மாதங்களே இருந்தன. அவருடைய ஆய்வேட்டின் மூன்றாவது இயல் முழுவதும் அந்தப் பருவத்தை நம்பியிருந்தது.

முதலில் சந்தித்த மருத்துவர் உறைந்த தோள் என்று கருதினார். அதை ஓர் எளிய சோதனையே விலக்கியிருக்கும். உறைந்த தோளில் மூட்டைச் சூழ்ந்த உறையே இறுகிவிடுவதால், நோயாளியால் மட்டுமல்ல, பிறராலும் கையை முழுதும் தூக்க முடியாது. இம்மாணவியின் கையை வேறொருவர் தூக்கினால் அது தடையின்றி உச்சிவரை சென்றது. அடுத்து எடுத்த ஸ்கேனில் தசைநாண் ஒன்றில் சிறு தேய்மானம் தென்பட, கவனம் அதன்மேல் குவிந்தது. தோளில் ஸ்கேன் எடுத்தால் ஏதேனும் ஒரு தேய்மானம் அகப்படுவது அரிதன்று, அகப்பட்டதெல்லாம் காரணமாகிவிடாது. ஐந்து வாரங்கள் இவ்வாறு கழிந்தன. அந்த ஐந்து வாரத்திலும் அவருடைய முதுகை எவரும் பார்க்கவில்லை. மருத்துவருக்கு எதிரே நாற்காலியில், குர்தாவும் துப்பட்டாவுமாக அமர்ந்த பெண்ணின் தோள் முன்பக்கமிருந்தே சோதிக்கப்பட்டது. நம் நாட்டுப் புறநோயாளிப் பிரிவுகளின் நெரிசலிலும் கூச்சத்திலும் இது அன்றாட நிகழ்ச்சி. இந்த நோயோ பின்புறத்தில் மட்டுமே தன்னைக் காட்டிக்கொள்வது.

கடைசியில் கண்டவர் விடுதியின் அறைத்தோழி. இறுகிக் கிடந்த சன்னல் கதவை அம்மாணவி இரு கைகளாலும் தள்ளியபோது, வலது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு கத்தியின் முதுகுபோல் எழும்பி, பனியனுக்கு அடியில் கூடாரம் அடித்து நின்றது. கை தாழ்ந்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

தள்ளும்போது மட்டும் அது ஏன் எழும்ப வேண்டும்? சன்னலைக் கை தள்ளினால் சன்னலும் கையைத் தள்ளுகிறது. அந்த எதிர்விசை முழங்கை, மேற்கை எலும்பு வழியே வந்து, தோள்பட்டை எலும்பின் வெளிமூலையிலுள்ள குழியில் இறங்குகிறது. எலும்பின் வெளிமூலை பின்னோக்கித் தள்ளப்படும் அக்கணத்தில், உள்விளிம்பை விலாவோடு அழுத்திப் பிடித்து எலும்பு திருகாமல் காப்பது செராட்டஸின் வேலை. அந்தப் பிடி போய்விட்டால், கீல் கழன்ற கதவைப்போல் எலும்பின் உள்விளிம்பு விலாக்களை விட்டு விலகி வெளியே வருகிறது. எதிர்ப்பக்கம் இழுக்கும் ட்ரபீசியஸும் ராம்பாய்டுகளும் நலமாக இருப்பதால், எலும்பு முதுகெலும்பை நோக்கியும் சற்று மேலேயும் நகர்ந்துவிடுகிறது. மருத்துவம் இதைச் சிறகு என்று அழைக்கிறது. பெயர் அழகானது, அதைச் சுமப்பவருக்கு நாற்காலியின் முதுகில் சாய்வதுகூடத் தொல்லை.

கை உயராததற்கும் காரணம் இதுவே. கை பக்கவாட்டிலிருந்து உச்சிவரை 180 பாகை உயர்கிறது என்றால், அதில் ஏறத்தாழ 120 பாகையே தோள்மூட்டில் நிகழ்வது. மிச்ச 60 பாகை, தோள்பட்டை எலும்பு முழுவதுமாகச் சுழன்று தன் குழியை மேல்நோக்கித் திருப்புவதால் கிடைக்கிறது. அந்தச் சுழற்சிக்குச் செராட்டஸின் கீழ்ப்பற்கள் தலைமை தாங்குகின்றன. அவை எலும்பின் கீழ்முனையில் குவிந்து ஒட்டி, அதை முன்னும் பக்கவாட்டிலுமாக இழுக்கின்றன. அறைத்தோழியின் வற்புறுத்தலால் மாணவி சென்று பார்த்த இயன்முறை மருத்துவர் இதை ஒரு நிமிடத்தில் மெய்ப்பித்துக் காட்டினார். தம் உள்ளங்கையால் அவ்வெலும்பை விலாக்களோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கையைத் தூக்கச் சொன்னார். ஐந்து வாரமாக மறுத்த கை இன்னும் கணிசமாக மேலே சென்றது. மல்லாந்து படுத்து முயன்றபோதும் எளிதாயிற்று. அங்கே கட்டிலே செராட்டஸின் வேலையை ஓரளவு செய்தது. தோள்மூட்டில் குறையில்லை, அது நிற்கும் மேடையில்தான் குறை என்பது அப்போது விளங்கியது.

இத்தசைக்கு உயிரூட்டும் நரம்பு ஒன்றே ஒன்று. நீள் மார்பு நரம்பு எனப்படும் அது, கழுத்துத் தண்டுவடத்தின் ஐந்தாம், ஆறாம், ஏழாம் வேர்களிலிருந்து பிறக்கிறது. முதல் இரு வேர்களின் கிளைகள் கழுத்தின் பக்கவாட்டிலுள்ள நடு ஸ்கேலின் தசையைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. பின்னர் நரம்பு முதல் விலாவைக் கடந்து, அக்குளின் உட்சுவர் வழியே ஒரு சாணுக்கும் குறையாமல் நேர்கீழாக இறங்கி, வழியில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு கிளை கொடுத்துச் செல்கிறது. பல நரம்புகள் தசையின் உட்புறத்திலேயே மறைந்து செல்லும். இதுவோ தசையின் வெளிப்பரப்பில் கிடக்கிறது. மார்பகப் புற்றுக்காக அக்குள் நிணநீர்க் கணுக்களை நீக்கும் அறுவை மருத்துவர் இந்நரம்பை முதலில் தேடிக் கண்டு காப்பது இதனாலேயே. சுமைக்கு ஆட்படுவதும் இதே வெளிப்படையான பாதையால்தான். பையின் பட்டை தோளைக் கீழே அழுத்த, கழுத்து எதிர்ப்புறம் சாய, ஸ்கேலின் தசைக்கும் விலாவுக்கும் இடையே நரம்பு நாள்கணக்கில் இழுபடுகிறது.

எனினும் சிறகு தெரிந்ததும் இந்நரம்பைக் குற்றவாளியாக்கிவிட முடியாது. ட்ரபீசியஸ் தசை செயலிழந்தாலும் எலும்பு புடைக்கும். கழுத்தில் கணு ஒன்றை வெட்டியெடுக்கும் சிறு அறுவையில்கூட அதன் நரம்பு அறுபடுவதுண்டு. அப்போது எலும்பு கீழேயும் வெளிப்புறமும் சரிகிறது. கையை முன்னால் நீட்டித் தள்ளுவதைவிடப் பக்கவாட்டில் தூக்கும்போதே மிகுதியாகத் தெரிகிறது. வேரிலேயே பழுது இருக்கக் கூடும் என்பது இன்னொரு ஐயம். ஏழாம் வேர் பழுதானால் முழங்கையை நீட்டும் தசையும் தளரும். ஐந்தாம் வேர் பழுதானால் ராம்பாய்டுகளும் டெல்டாய்டும் தளரும். ஏழாம் வாரத்தில் செய்த ஊசி மின்தசைப் பதிவில், நரம்பிழந்த தசைக்குரிய தன்னியல்பான மின்துடிப்புகள் செராட்டஸில் மட்டும் பதிவாயின. மற்றத் தசைகள் அமைதியாயிருந்தன. காயம் பட்ட மூன்று வாரங்களுக்குள் இச்சோதனையைச் செய்திருந்தால் அது பொய்யான ஆறுதல் அளித்திருக்கக் கூடும். அத்துடிப்புகள் தோன்றவே அவ்வளவு காலம் ஆகும்.

பதிவின் பொருள், நரம்பிழைகள் வெறுமனே மரத்துப்போகவில்லை, பல அறுந்திருக்கின்றன என்பது. அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. கழுத்தடியில் காயம் என்று கொண்டால், கீழ்ப்பற்களுக்கு இருபது சென்டிமீட்டர்; இருநூறு நாட்கள். மேற்பற்கள் முதலில் விழிக்கும். கையை உயர்த்த மிகவும் தேவையான கீழ்ப்பற்கள் கடைசியில். எட்டு மாதக் களப்பருவக் கணக்கு அந்த அறையிலேயே முடிந்துபோயிற்று. மாணவி தம் நெறியாளரிடம் பேசி மூன்றாவது இயலை ஏற்கெனவே சேர்ந்திருந்த மாதிரிகளைக் கொண்டு மாற்றியமைத்தார். அது சிறிய இயலாயிற்று.

சிகிச்சை பெரும்பாலும் காத்திருத்தலே. கனமான எதையும் தோளிலோ தலைக்கு மேலோ தூக்கக் கூடாது; மூட்டு இறுகாதிருக்க மல்லாந்து படுத்துக் கையை உயர்த்தும் பயிற்சி நாள்தோறும். இங்கே ஆர்வமே பகையாகும். பலவீனத்தைத் தண்டாலால் வெல்ல முயன்றால், நரம்பில்லாத தசை வலுப்பெறாது. எலும்பு மேலும் விலகி நரம்பை மேலும் இழுக்கும். சுமையால் வந்த பழுதுகளில் பெரும்பாலானவை ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகின்றன. ஆனால் தசையும் என்றென்றும் காத்திருப்பதில்லை. ஓராண்டைத் தாண்டி நரம்பு வந்து சேராவிட்டால் அது மெல்ல நாராகத் தொடங்குகிறது. ஆகவே மீட்சியின் அறிகுறி இல்லாதவர்களுக்கு, அந்த எல்லைக்குள்ளாகவே அருகிலுள்ள நரம்பின் கிளையொன்றைத் திருப்பி இணைப்பது பற்றி யோசிக்கிறார்கள். காலம் கடந்துவிட்டால், மார்புத் தசையின் ஒரு பகுதியைப் பெயர்த்து எலும்பின் கீழ்முனையில் பொருத்துவது எஞ்சிய வழி.

அம்மாணவிக்கு அது தேவைப்படவில்லை. ஐந்தாம் மாதத்தில் கை காதைத் தொடும் அளவுக்கு உயர்ந்தது. பதினொன்றாம் மாதத்தில் மாதிரிப் பெட்டி மேல் அடுக்குக்குப் போயிற்று. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளும்போது எலும்பின் கீழ்முனை மட்டும் இன்னும் ஒரு விரல் கனத்துக்கு எழும்புகிறது. அதை அளந்து குறித்துவைப்பவர் அறைத்தோழி. குறிப்பு எழுதப்படுவது களக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில்.